தண்ணீர் வருமுன் ஏற வேண்டிய வண்டி

நன்னிலத்தை விட்டுக் கிளம்பி ஒன்றரை நாளாக நடந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவன். மூன்று வேளையும் விருந்துச் சாப்பாடு, மூன்று வேளையும் மிச்சம். பெரிய சமையல்காரர் ஒருநாள் சாம்பார்க் கரண்டியால் என் தலையில் ஒன்று போட்டார். அதைப் பொறுத்துக்கொண்டேன். கரண்டி வளைந்துவிட்டது என்று அதற்கும் என்னையே திட்டியபோதுதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. மேற்கே நடந்தால் வெயில் காலையில் முதுகில் அடிக்கும், சாயங்காலம் முகத்தில் அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சுவாமிமலையில் கோயில் சாப்பாடு கிடைத்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பாபநாசத்தை நோக்கி வயல்வெளியில் ஒரு வாய்க்கால் கரையோடு போய்க்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம்தான் கேட்டது. என்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். ஒரு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அதோடு ஓர் ஊளையும் சேர்ந்தது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் எட்டு மாதம் இருந்திருக்கிறேன். கழற்றிப் போட்ட பம்புகளை டீசலில் கழுவுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு அறுந்துவிட்டது. பிறகு படித்ததெல்லாம் டீசல் தொட்டியில்தான்.

கரை வளைவைத் தாண்டியதும் வண்டி தெரிந்தது. முன்னால் மண் வாரும் பெரிய பக்கெட், பின்னால் தோண்டுகிற நீளக் கை, மஞ்சள் வண்ணம். இந்தத் தமிழ்நாட்டில் எல்லாரும் அதை ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் வண்டி என்றே சொல்கிறேன். அது வாய்க்காலின் அடியில் நின்றது. மூக்கு கரையைப் பார்த்திருந்தது. பின் சக்கரங்கள் சேற்றில் பாதி. பின்னால் இருந்த கை அரைகுறையாக நீண்டு, தூக்கத்தில் கை நீட்டியவன் போல நின்றுவிட்டிருந்தது.

கரையில் இரண்டு பேர். ஒருவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் பூவும் நெல்லும் தேங்காயும். அந்த வாய்க்கால் பாசன விவசாயிகளுக்கெல்லாம் அவர்தான் முன்னே நிற்பவர் என்று பிறகு தெரிந்தது. மற்றவர் பைக்கில் சாய்ந்துகொண்டு செல்போனைக் காதில் வைத்திருந்தார். அவர் லஸ்கர். மதகுகளைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆள். வண்டிக்குள் ஓட்டுநர், முப்பது வயதிருக்கும், சட்டை முழுக்க வியர்வை.

லஸ்கர் போனை இறக்கிவிட்டுச் சொன்னார். "தண்ணி மேல மதகத் தாண்டிருச்சு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல இங்க இருக்கும்."

"அண்ணே, அரை மணி நேரம் நிப்பாட்டி வையுங்கண்ணே," என்றார் ஓட்டுநர்.

"நிப்பாட்டறதா? கடைமடைக்காரன் இப்பவே எனக்குப் போன் போட்டு, தண்ணி எங்க, தண்ணி எங்கன்னு பஸ்ஸுக்கு நிக்கறவன் மாதிரி கேக்கறான். அவன் நாத்தங்கால் காயுது. நான் மதக மூடினா என்னையத்தான் வாய்க்கால்ல போட்டு மூடுவான்."

வெள்ளை வேட்டிக்காரர் தாம்பாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "புதுத் தண்ணிக்குப் பூப் போடலாம்னு வந்தா, தண்ணிக்கு முன்னாடி இது நின்னுக்கிட்டிருக்கு. தம்பி, மத்தியானம் ஏத்திடறேன்னு சொன்னீல்ல?"

"சொன்னேங்கய்யா. தூர் வார்ற வேலை முடியணும்ல? மூணு நாளா கை ஆமை மாதிரி நகருது. பத்து மணிக்கு முடிக்க வேண்டியது, இப்பத்தான் முடிஞ்சுது."

ஓட்டுநரின் நிலைமை எனக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. மூன்று வருடம் வண்டி துடைத்து, கிரீஸ் அடித்து, நாலு மாதத்துக்கு முன்புதான் ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார முதலாளி அனுமதித்திருந்தார். வண்டி தண்ணீரில் நின்றால் ஆசனமும் போகும், அநேகமாக முதலாளி வாசலும் போகும். சேற்றில் சக்கரம் சும்மா சுற்றும். இந்த மாதிரி வழுக்கலில் வண்டியைக் கரை ஏற்றுவது சக்கரம் அல்ல, கைகள்தான். பின் கையின் பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியை முன்னே தள்ள வேண்டும். முன் பக்கெட்டைக் கரையில் குத்திப் பின்னால் சறுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுபடி தள்ள வேண்டும். தவளை மாதிரி. அந்தக் கைகள்தான் செத்துக் கிடந்தன.

அவர் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரேஸ் குடுடா!" என்றது போன். "என்ஜின் ஓடுதுல்ல? நல்லா ரேஸ் குடு. தானா தூக்கும்."

ஓட்டுநர் ரேஸ் கொடுத்தார். ஊளை இரண்டு மடங்கானது. கை இன்னும் மெதுவானது. பிறகு மொத்தமாக நின்று, உதறல் எடுத்தது.

"தூக்குச்சா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னும் குடு."

நான் அதுவரை கரையில் குந்தியிருந்தேன். எனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் தலையிட்டுத்தான் என் வாழ்க்கையில் பாதி வேலை போயிருக்கிறது, பாதி வேலை கிடைத்திருக்கிறது. "ரேஸ் குடுக்காதீங்க," என்றேன். "பம்புக்கு எண்ணெய் கெடைக்கல. வேகமா சுத்தச் சுத்த இன்னும் கெடைக்காது. பம்பு போயிரும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். போனும் பார்த்த மாதிரிதான் இருந்தது. "யார்ரா அது?" என்றது.

"வழிப்போக்கன்," என்றார் லஸ்கர், நான் சொல்வதற்கு முன்பே.

வெள்ளை வேட்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னப்பா எண்ணெய்? டீசல் இருக்குல்ல?"

"டீசல் என்ஜினுக்குங்க. இது கைய நகத்தற வேற எண்ணெய்."

அவருக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் விடுகிற ஆளில்லை. ஆகவே வாய்க்கால் பாஷையில் சொன்னேன். டாங்கிதான் ஆறு. என்ஜின் சுற்றினால் அதோடு சேர்ந்து பம்பு சுற்றும். ஆற்றிலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆசனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லீவர்கள் மதகுக் கைப்பிடி. லீவரைத் தொடாமல் விட்டால் எண்ணெய் வால்வு வழியாகச் சும்மா சுற்றி டாங்கிக்கே திரும்பிவிடும். ஒரு லீவரை அசைத்தால் வால்வுக்குள் ஒரு தண்டு நகர்ந்து ஒரு வழியைத் திறக்கும். எண்ணெய் அந்தச் சிலிண்டரின் ஒரு பக்கம் போய் உள்ளேயிருக்கிற பிஸ்டனைத் தள்ளும். மறுபக்கத்து எண்ணெய் வடிகால் வழியாக டாங்கிக்குத் திரும்பும். பிஸ்டனோடு தண்டு வெளியே வரும், கை நகரும். லீவரை மறுபக்கம் தள்ளினால் பாய்ச்சல் வடிகாலாகும், வடிகால் பாய்ச்சலாகும். கை திரும்பி வரும்.

"அடப் பாவி," என்றார் அவர், மனம் நிறைந்து. "இது நம்ம முறைப்பாசனம்ல! இத ஏன் இத்தன நாளா ஒருத்தனும் சொல்லல?"

"யாரும் கேக்கலங்கய்யா," என்றார் ஓட்டுநர், வண்டிக்குள்ளிருந்து.

டாங்கியின் பக்கத்தில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் அடிக்கோட்டுக்கும் கீழே.

"எண்ணெய் கம்மி," என்று அறிவித்தேன். என் குரலில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநர் ஆசனத்துக்குப் பின்னால் இருந்த டின்னை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். டாங்கியின் மூடியைத் திருகினார். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். டின் முழுவதையும் ஊற்றி மூடியை இறுக்கி, ஏறி உட்கார்ந்து லீவரைத் தள்ளினார்.

கை சர்ரென்று எழுந்தது.

லஸ்கர் விசிலடித்தார். வேட்டிக்காரர் தாம்பாளத்திலிருந்து ஒரு பூவை எடுத்து என் தலையில் போட்டார். நான் பட்டறையில் இருந்த எட்டு மாதத்தை எட்டு வருடமாக்கி ஒரு வாக்கியம் பேச ஆரம்பித்தேன். அது முடிவதற்குள் வண்டி நின்றுவிட்டது. கையை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளி, மடக்கி, மறுபடி நீட்டப் போகும்போது ஊளை திரும்பி வந்தது. வண்டி இரண்டடி ஏறியிருந்தது. ஒன்றரை அடி சறுக்கி இறங்கியது.

"எட்டு வருஷமா?" என்றார் லஸ்கர். அவர் போன் மறுபடி அடித்தது. பேசிவிட்டு, "ரயில் கேட்டத் தாண்டிருச்சு," என்றார்.

ஓட்டுநர் இறங்கி வந்து டாங்கி மூடியை மறுபடி திறந்தார். மறுபடி "ஸ்ஸ்ஸ்". உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணெய் இருந்தது. மூடினார். ஏறினார். கை சர்ரென்று எழுந்தது. மடக்கி நீட்டியதும் செத்தது.

"தம்பி," என்றார் வேட்டிக்காரர், "மூடியத் திறந்தா வேல செய்யுது. மூடினா செய்யல. அப்ப அத ஏன் மூடுற? திறந்து போட்டு ஓட்டு."

"ஐயா, வண்டி செங்குத்தா ஏறும்போது எண்ணெய் பூரா வெளிய கொட்டிருங்கய்யா. அப்புறம் மண்ணு உள்ள போனா வால்வு மாட்டிக்கும்."

"அதுக்குன்னு மூச்ச அடைச்சு வைப்பியா? எங்க வீட்டு நல்லெண்ணெய் டின்னுக்கே ரெண்டு ஓட்டை போடுவோம். ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா? கொளக் கொளக்னு நிக்கும். இன்னொரு ஓட்டை போட்டாத்தான் காத்து உள்ள போயி எண்ணெய் வெளிய வரும். சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

நானும் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த "ஸ்ஸ்ஸ்" இப்போதுதான் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. மூடி திறந்ததும் காற்று உள்ளே பாய்கிற சத்தம் அது.

சிலிண்டர் தண்டு வெளியே நீளும்போது, அது விட்டுப்போன இடத்தையும் எண்ணெய்தான் நிரப்ப வேண்டும். போகிற எண்ணெய் அதிகம், திரும்பி வருகிறது குறைவு. அதனால் டாங்கியில் மட்டம் இறங்கும். இறங்கின இடத்துக்குக் காற்று வந்தால்தான் பம்பால் உறிஞ்ச முடியும். இல்லையென்றால் டாங்கிக்குள் வெற்றிடமாகி, எண்ணெயில் குமிழி வெடித்து, தகர டப்பாவில் கூழாங்கல் சத்தம் கேட்கும். இதை நான் டீசல் தொட்டியில் கைவிட்டுக்கொண்டே கேட்டவன். கை நீண்டிருக்கும்போது கண்ணாடியில் மட்டம் குறைவாகத்தான் காட்டும் என்பதையும் கேட்டவன். அன்றைக்கு இரண்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. சாப்பாடு வேறு சரியில்லை.

"காத்து போற வழி ஒண்ணு இருக்குமே?" என்றேன். "டாங்கி மேல ஒரு சின்னக் குமிழ்?"

"இருக்கும்," என்றார் ஓட்டுநர். "ஆனா..."

சொல்லி முடிக்காமல் டாங்கியின் மேல் பார்த்தார். நானும் பார்த்தேன். மூடிக்குப் பக்கத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு மஞ்சள் உருண்டை. சந்தனம். வெயிலில் காய்ந்து, ஓட்டுக்கு மேல் ஓடாக, கல்லாகி நின்றது. அதன் உச்சியில் குங்குமம். அதில் ஒரு வாடிய சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் மெதுவாகத் திரும்பிக் கரையைப் பார்த்தோம்.

"என்ன?" என்றார் வேட்டிக்காரர்.

"ஐயா, இது நீங்க வச்சதுங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமா. வாய்க்கால்ல மண்வெட்டி விழறதுக்கு முன்னாடி பூச போடறது வழக்கம். மூணு நாளும் காலையில நானே வந்து வச்சேன். ஏன்?"

"முன்னாடி கண்ணாடியில, சக்கரத்துல வைக்கலாமே. இங்க ஏன் வச்சீங்க?"

"அங்கயும் வச்சேன். இது சின்னதா, உருண்டையா, மேல எழும்பி நின்னுச்சு. இதுதான் அதோட தலன்னு நெனச்சேன். தலைக்குக் கொஞ்சம் தாராளமா வைக்க வேணாமா?"

லஸ்கர் பைக்கின் மேல் குப்புறக் கவிழ்ந்துவிட்டார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"மூக்குல வச்சிருக்கீங்கய்யா," என்றார் ஓட்டுநர். "மூணு நாளா மூக்கப் பொத்தி வச்சிருக்கீங்க."

வேட்டிக்காரர் முகம் மாறியது. ஆனால் சட்டென்று இறங்கிவிடுகிற மனிதரில்லை. "சந்தனம் வச்சதனாலதான் மூணு நாள் ஓடிச்சு. இல்லாட்டி மொத நாளே நின்னிருக்கும்," என்றார்.

நான் லஸ்கரின் சாவிக்கொத்தை வாங்கிச் சுரண்டப் போனேன். "ஏய், இரு! செருப்புக் காலோட ஏறாத!" என்று வேட்டிக்காரர் கத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சந்தனம் சுலபத்தில் வரவில்லை. அந்தப் பூச்சுக்கு ஒரு விசேஷம் இருந்தது. டாங்கிக்குள் அழுத்தம் ஏறும்போது ஓட்டின் ஓரம் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியே விட்டிருக்கிறது. உள்ளே இழுக்கும்போது படிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. விலை கொடுத்து வாங்கினாலும் கிடைக்காத ஒருவழி வால்வு. இதைச் சொன்னபோது வேட்டிக்காரர் கொஞ்சம் பெருமைப்பட்ட மாதிரி இருந்தது.

குமிழைக் கழற்றி, ஓட்டுநர் ஒரு டப்பாவில் பிடித்த டீசலில் அலசினோம். உள்ளே இருந்த வலையிலும் சந்தனம் இறங்கியிருந்தது. வாயில் வைத்து ஊதினேன். முதலில் போகவில்லை. டீசலும் சந்தனமும் கலந்து நாக்கில் வந்தது. இரண்டாம் முறை ஊதும்போது லஸ்கர் சொன்னார், "அதோ."

வாய்க்காலின் மேல்வளைவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அலை மாதிரியெல்லாம் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒரு வருடத்துக் குப்பை எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணை நக்கிச் சத்தம் போட்டபடி, ஒருவன் நிதானமாக நடந்து வருகிற வேகத்தில் வந்தது. பின்னால் வருவது எவ்வளவு என்பது அந்த நிதானத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்றாம் முறை ஊதினேன். காற்று போயிற்று. குமிழைத் திருகி மாட்டிவிட்டுக் குதித்தேன்.

ஓட்டுநர் ஆசனத்தைப் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்தார். லீவரைத் தள்ளினார். ஊளை இல்லை. பின் கை நீண்டு, பக்கெட் சேற்றில் ஊன்றி, வண்டியை முன்னே தள்ளியது. ஆசனத்தைத் திருப்பி முன் பக்கெட்டைக் கரையில் குத்தினார். மறுபடி திரும்பி, கையை மடக்கி, இன்னும் கிட்டே ஊன்றித் தள்ளினார். இந்த முறை நீட்டும்போது கை நிற்கவில்லை. மூன்றாம் முறை தள்ளும்போது தண்ணீர் பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. ஒற்றைச் செருப்பு டயரில் மோதிச் சுற்றிக்கொண்டு நின்றது. "தள்ளு, தள்ளு" என்று மூன்று பேரும் கத்தினோம், பிரசவம் பார்க்கிறவர்கள் மாதிரி. நாலாம் முறை முன் சக்கரங்கள் கரையின் விளிம்பைப் பிடித்தன. பிறகு வண்டி தானே ஏறியது.

மேலே வந்ததும் ஓட்டுநர் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி நின்றுவிடுமோ என்று பயந்த மாதிரி ஆசனத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார்: "ஏறிச்சா இல்லையாடா? ரேஸ் குடுத்தியா?"

"குடுத்தேங்க," என்றார் ஓட்டுநர். "ஏறிருச்சு."

வேட்டிக்காரர் வாய்க்காலில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று, பூவையும் நெல்லையும் தூவினார். கும்பிட்டுவிட்டு மேலே வந்தார். "யாருகிட்டயும் சொல்ல வேணாம்," என்றார் எங்களிடம்.

"என்ன சொல்லப் போறோம்?" என்றார் லஸ்கர். ஏற்கெனவே போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஓட்டுநர் வீட்டில் சாப்பாடு. மிச்சமில்லாத, புதிதாக வடித்த சோறு.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். முன் பக்கெட் தரையில் இருந்தது, பின் கை மடக்கிக் கட்டியிருந்தது. டாங்கியின் பக்கவாட்டில் எண்ணெய் வழிந்து மண்ணில் கோடாக இறங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்தார். மேல்கோட்டையும் தாண்டி நிறைந்து நின்றது எண்ணெய்.

"கைய நீட்டி வச்சுக்கிட்டு எவன்டா மட்டம் பாத்தது?"

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். நான்தான் என்றேன்.

"எண்ணெய ஊத்தச் சொன்னது?"

"அதுவும் நாந்தாங்க."

"குமிழக் கழட்டி ஊதினது?"

"அதும்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் வேலையை விட்டு அனுப்பும்போதும் முதலாளிகள் ஒரே மாதிரித்தான் பார்ப்பார்கள். பிறகு ஓட்டுநரிடம், "துடைக்க, கிரீஸ் அடிக்க ஒனக்கு ஆள் வேணும்னு கேட்டேல்ல?" என்றார். என்னிடம் திரும்பி, "ஊத்துனத நீயே எடு. ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாது," என்றார்.

சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினேன். காலி டின்னை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்து, டாங்கியின் அடி நட்டில் ஸ்பானரை வைத்தேன்.